‘1000 பேர்’ என்று எழுதிய வரி 180 இலையாக மாறிய கதை: ஒரு கல்யாண மண்டப கேப்ஷன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தை முழுதாகத் திறந்து வைத்து, ஆவணிக்கும் ஐப்பசிக்கும் தைக்கும் இடம் தேடுகிற குடும்பங்களை நேரில் வந்து பார்க்கச் சொல்வார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா இருக்கும், ஆட்களும் கையில் இருப்பார்கள். பார்க்க வருகிறவர்களும் அவசரமில்லாமல் சமையல் கட்டு வரை நடந்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடு.

என் அச்சகத்தில்தான் அதற்கு முன்பு நோட்டீஸ் அடித்தார்கள். இப்போது நோட்டீஸ் குறைந்துவிட்டது. போட்டோ எடுத்து, அதற்குக் கீழே நாலு வரி கேப்ஷன் எழுதி, வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போட வேண்டும். அதையும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். போன வருடம் நான் எழுதிய கேப்ஷன் இது:

“ஆடி ஓப்பன் ஹவுஸ்! 1000 பேர் அமரக்கூடிய பிரம்மாண்ட மண்டபம். விசாலமான கார் பார்க்கிங். நவீன சமையல் கூடம். குறைந்த அட்வான்ஸில் உங்கள் முகூர்த்தத் தேதியை இன்றே உறுதி செய்யுங்கள்!”

படத்தில் மணமேடையும் சீரியல் லைட்டும். அந்த வாரம் முழுக்க மேனேஜருக்கு போன் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் வந்தது. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் கால் மணி நேரத்தில் திரும்பிப் போனார்கள். அவர்கள் போன விதம்தான் என்னை இந்த வருடம் உட்கார வைத்து எல்லாவற்றையும் அளக்கச் சொன்னது.

அதில் ஒரு குடும்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. பாபநாசம் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெரியவர், அவர் மனைவி, இரண்டு மகன்கள், மருமகள், கைக்குழந்தை. பெரியவர் மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, கீழே வந்து சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, “இடம் திருப்தியா இருக்கு தம்பி. பிரியாணிக்கு தம் போடுற இடம் எங்கே, பின்பக்கம்தானே?” என்று கேட்டார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மண்டபத்தில் சைவம் மட்டும்தான். கட்டிய நாளிலிருந்து அப்படி. அதைச் சொன்னதும் பெரியவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “இதை அந்த போட்டோவுக்குக் கீழே போட்டிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோமே” என்றார். அவ்வளவுதான். வேனுக்கு அவர்கள் கொடுத்த வாடகைக்கு என்னுடைய ‘நவீன சமையல் கூடம்’ என்ற மூன்று வார்த்தைதான் காரணம்.

அன்று சாயங்காலம் அந்த கேப்ஷனை எடுத்துத் திரும்பப் படித்தேன். நாலு விஷயம் சொல்லியிருக்கிறேன்: கொள்ளளவு, பார்க்கிங், சமையல், அட்வான்ஸ். நாலில் ஒன்றைக்கூட வந்து பார்க்கிறவர் கண்ணால் எண்ணிச் சரிபார்க்க முடியாது. நேரில் வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிற கேப்ஷனில், நேரில் நின்று சரிபார்க்க முடியாத வரி எதற்கு? இந்த வருடம் ஆடி பிறந்ததும் முதலாளியிடம் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். மேனேஜர் அண்ணன், இரண்டு பையன்கள், ஒரு டேப்பு, ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள். இவ்வளவுதான் கருவி.

முதலில் 1000 பேர். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “போன தையில ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் இலை விழுந்துச்சு, அதான்” என்றார் முதலாளி. அவர் சொன்னது பொய்யில்லை. காலையிலிருந்து மதியம் வரை வந்து போனவர்கள் ஆயிரம் பேர். ஆனால் ‘அமரக்கூடிய’ என்று நான் எழுதியதைப் படிப்பவர், தாலி கட்டும் நேரத்தில் ஆயிரம் நாற்காலி என்றுதான் நினைப்பார்.

மாடியில் இருக்கும் கல்யாணக் கூடம் 90 அடி நீளம், 50 அடி அகலம். மேடை 15 அடியை எடுத்துக்கொள்கிறது. மேடைக்கு முன்னால் வீடியோக்காரருக்கும் மொய் எழுத, பரிசு கொடுக்க நிற்கும் வரிசைக்கும் 10 அடி விட வேண்டும். பின்னால் வாசலுக்கு 5 அடி. மிச்சம் 60 அடி நீளம். நாற்காலி போட்டு ஒருவர் முழங்கால் இடிக்காமல் உட்கார, ஒரு வரிசைக்கு 3 அடி வேண்டும். ஆக 20 வரிசை. அகலத்தில் நடுவே மாப்பிள்ளை அழைப்பு வரும் வழி 5 அடி, இரண்டு ஓரமும் மூன்று மூன்று அடி விட்டால், வழிக்கு இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கம் 11. மொத்தம் 440 நாற்காலி. கணக்கில் வந்ததைப் பையன்கள் போட்டும் பார்த்தார்கள். சரியாக வந்தது. ஓரத்து வழியை அடைத்து நாற்காலி போட்டால் 500 கூட வரும். ஆனால் அப்போது சுவரோரம் உட்கார்ந்த ஒரு பாட்டி எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்றால் பத்துப் பேர் எழுந்து நிற்க வேண்டும்.

இந்த 440-ஐ விட முக்கியமான எண் கீழே இருந்தது. நம் கல்யாணத்தில் மண்டபம் சிறியதா பெரியதா என்பதைச் சாப்பாட்டுக் கூடம்தான் முடிவு செய்கிறது. மேலே உட்கார இடமில்லாவிட்டால் ஜனங்கள் வராண்டாவில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பந்தியில் இடம் கிடைக்காமல் நின்றால் அது சம்பந்தி வீடு வரை பேச்சாகும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நிற்பதும், பாயசத்துக்குக் காத்திருப்பவர் பின்னால் நிற்பவரைப் பார்த்துக் கூச்சத்தில் இலையை மூடிவிட்டு எழுந்து போவதும் எல்லாரும் பார்த்ததுதான். கூப்பிட்டவர்களுக்கு அதைவிட மனக்கஷ்டம் இல்லை.

சாப்பாட்டுக் கூடம் 70 அடிக்கு 40 அடி. ஒரு இலைக்கு 2 அடி. இரண்டு தலைப்பிலும் ஆள் நடக்க ஐந்தைந்து அடி விட்டால் ஒரு வரிசையில் 30 இலை. பரிமாறுகிறவர்கள் நடுவில் நடக்க, இரண்டு வரிசை எதிரெதிராக உட்காருவதை ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி, மேசை, சாம்பார் வாளியோடு ஆள் போக 4 அடி, திரும்ப மேசை, நாற்காலி என்று ஒரு ஜோடிக்கு 12 அடி போகிறது. 40 அடியில் மூன்று ஜோடி, ஆறு வரிசை. ஆறு முப்பது 180 இலை. மேனேஜர் அண்ணன் நடு வழியை மூன்று அடியாகக் குறைத்து இன்னொரு வரிசை நுழைக்கலாமா என்று பார்த்தார். அங்கே பரிமாறிப் பழகின ஒருவரைக் கூப்பிட்டு, கையில் வாளியோடு எதிரும் புதிருமாக இரண்டு பேரை நடக்கச் சொன்னோம். இடித்தது. ரசம் கையில் இருந்தால் இலைக்காரர் மடியில்தான் விழும். விட்டுவிட்டோம்.

இனி நேரம். ஒரு பந்தி என்றால் சாப்பிடுகிற நேரம் மட்டும் இல்லை. பேப்பர் ரோலைச் சுருட்டி, இலை எடுத்து, மேசை துடைத்து, புதுப் பேப்பர் விரித்து, இலை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, உப்பு, ஊறுகாய், இனிப்பு வைத்து முடிக்க கால் மணி நேரம். சாப்பிட 25 நிமிடம். ஆக ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் 40 நிமிடம். ரிசப்ஷன் சாப்பாடு ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடிந்தால் 180 நிமிடம், முழுதாக நாலு பந்தி, 720 பேர். கல்யாணத்தன்று மதியச் சாப்பாடு பதினொன்றிலிருந்து இரண்டரை வரை ஓடும். அதில் ஐந்து பந்தி, 900 பேர். ஆயிரம் இலை விழுந்த அந்தத் தைக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி மூன்று மணிக்கு மேல்தான் உட்கார்ந்தது என்று மேனேஜர் அண்ணனே நினைவுபடுத்திச் சொன்னார்.

இன்னொன்று. ஏழு மணிக்கு முதல் பந்தி எப்போதும் நிறையாது. எட்டரைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அதனால் 720 என்று எழுதாமல் 650 என்று எழுதச் சொன்னேன். முதலாளிக்கு முகம் வாடிப்போனது. “பக்கத்து மண்டபத்துக்காரன் 1500னு போட்டிருக்கான், நாம 650னு போட்டா யாரு வருவா?” என்றார். நியாயமான பயம். நான் சொன்னது இதுதான்: “650 பேரைக் கூப்பிடுறவங்க வருவாங்க ஐயா. அவங்களுக்குத்தான் நம்ம மண்டபம் கட்டியிருக்கு. ஆயிரத்து ஐநூறு பேரைக் கூப்பிடுறவங்க வந்து பார்த்துட்டுப் போறதால நமக்கு ஒரு பைசா இல்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இலை போட்டு போட்டோ எடு” என்றார். அதுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். மணமேடைப் படத்தை எடுத்துவிட்டு, 180 இலை விரித்த பந்தியைப் படம் பிடித்தோம். எண்ண நினைப்பவர் படத்திலேயே எண்ணிக்கொள்ளலாம்.

பார்க்கிங்குக்குப் பக்கத்துக் காலி மனை இருக்கிறது, 100 அடிக்கு 90 அடி. 60 கார் நிற்கும் என்பது வாட்ச்மேன் கணக்கு. அவர் நிறுத்துகிற விதத்தில் நிற்கத்தான் செய்யும், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. முதலில் வந்தவர் கிளம்ப வேண்டுமென்றால், பின்னால் நிற்கும் இரண்டு கார்க்காரரை மைக்கில் நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாதஸ்வரத்துக்கு நடுவில் ‘வெள்ளைக் கலர் கார், உடனே வரவும்’ என்று கேட்பது இதனால்தான்.

சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். ஒரு காருக்கு 8 அடி அகலம், 16 அடி நீளம், நடுவில் திருப்பி எடுக்க 20 அடி. மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, வேப்பமரத்துக்கும் நுழைவழிக்கும் இரண்டு போனால் 34 கார். யாரும் யாரையும் மறிக்காமல் எந்த நேரத்திலும் வெளியே எடுக்கலாம். மண்டபத்தின் முகப்பில் இரண்டு வரிசையாக 80 டூவீலர். டெகரேஷன் வண்டியும் சமையல் சாமான் வண்டியும் பின்வாசலில் நிற்கும், அதைக் காரில் சேர்க்கவில்லை.

பஸ் விஷயத்தை எங்களுக்கு ஒரு டிரைவர்தான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர் என்றால் டூரிஸ்ட் பஸ்ஸில்தான் வருவார்கள். எங்கள் வாசல் ஆர்ச்சின் உயரம் 10 அடி. டெம்போ டிராவலர் தாராளமாக நுழையும், பஸ் நுழையாது. பஸ் ரோட்டில் நின்று ஆளை இறக்கிவிட்டு வேறு இடம் தேடிப் போக வேண்டும். சீர்த்தட்டோடு இறங்குகிறவர்கள் ரோட்டைத் தாண்டி வர வேண்டியிருக்கும். இது முன்கூட்டித் தெரிந்தால் பெண் வீட்டார் ரோட்டோரம் இரண்டு ஆளை நிறுத்தி வைப்பார்கள். அதனால் இதுவும் கேப்ஷனுக்குள் வந்தது.

சமையல் விதிகளை எழுதும்போது குடும்பத்தை நினைத்து எழுதாமல் சமையல் மாஸ்டரை நினைத்து எழுதினேன். ஏனென்றால் குடும்பத்தினர் அந்த வரியை அப்படியே அவருக்குத்தான் அனுப்புவார்கள். அவர் கேட்கிற கேள்விகள் வேறு. வெளியாள் சமைக்கலாமா, மண்டபத்து ஆளைத்தான் வைக்க வேண்டுமா? கேஸ் யாருடையது? விறகடுப்பு உண்டா? பாத்திரம் உண்டா, வாடகைக்கு எடுக்க வேண்டுமா? கிரைண்டர்? முதல் நாள் எத்தனை மணிக்கு உள்ளே விடுவீர்கள்? எச்சில் இலை யார் பொறுப்பு?

எங்கள் மண்டபத்தில் பதில்கள் இப்படி. சைவம் மட்டும். முட்டை போட்ட கேக்கும் கூடாது என்பதை முதலாளி தனியாகச் சொல்லி எழுதச் சொன்னார். ரிசப்ஷனில் கேக் வெட்டுவது வழக்கமாகிவிட்டது, அன்றைக்கு மேடையில் நின்று தகராறு செய்ய முடியாது. வெளி மாஸ்டரை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சில மண்டபங்களில் வெளியாள் வந்தால் ‘கிச்சன் சார்ஜ்’ என்று பின்னால் ஒரு தொகை கேட்பதுண்டு. இங்கே இல்லை என்பதால் இல்லை என்றே எழுதினோம். 500 பேருக்கான பாத்திரம், இரண்டு கிரைண்டர் வாடகையில் அடக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கேஸ் நாங்கள் தருவதில்லை. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரை அவர்களே கொண்டுவர வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை உள்ளே விட மாட்டோம். அதைக் கல்யாணச் சமையலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு, விபத்து என்று வந்தால் இன்ஷூரன்சும் கேள்வி கேட்கும். விறகடுப்பு கிடையாது. சாமான் இறக்க முதல் நாள் காலை பத்து மணியிலிருந்து பின்வாசல் திறந்திருக்கும்.

அந்தக் கடைசி வரி சின்னதாகத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் மண்டபத்து ‘ஒரு நாள்’ என்பது முதல் நாள் மதியம் மூன்று மணியிலிருந்து கல்யாணத்தன்று மதியம் மூன்று மணி வரை. ஆனால் முதல் நாள் ராத்திரி நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு, மூன்று மணிக்கு உள்ளே வந்து சமைத்தால் ஏழு மணிக்கு முதல் பந்தி போட முடியாது. காய் நறுக்கவே நேரம் போய்விடும். சமையல் ஆட்களுக்கு மட்டும் பத்து மணி என்று சொன்னதற்கு எந்த மாஸ்டரும் நன்றி சொல்வார்.

அட்வான்ஸ்தான் கடைசி, அதில்தான் அதிகம் உட்கார்ந்தோம். ‘குறைந்த அட்வான்ஸ்’ என்று போன வருடம் எழுதியதால் வந்த வினை ஒன்று உண்டு. ஓப்பன் ஹவுஸ் அன்று மத்தியானம் ஒருவர் முதலாளியின் மகன் செல்லுக்கு ஐயாயிரம் அனுப்பி, தைமாத வளர்பிறை முகூர்த்தம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரை மணி கழித்து இன்னொரு குடும்பம் அதே தேதிக்கு மேனேஜரிடம் முழு அட்வான்ஸையும் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் தேதி தங்களுடையது என்றார்கள். முதலில் வந்தவர் அன்றைக்கே பத்திரிகை அடிக்க என்னிடம் மாதிரி கேட்டிருந்தார். தெரியாமல் நானும் வரைந்து கொடுத்திருந்தேன். முதலாளி அவர் வீட்டுக்கே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு தேதிக்கு வாடகையில் குறைத்துத் தருவதாகச் சொல்லி ஒருவழியாக முடித்தார்.

இந்த முறை ஒரே ஒரு விதி. 25,000 ரூபாய் முழுதாகக் கட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ரசீது கையில் வாங்கினால்தான் தேதி உறுதி. டோக்கன், பாதித் தொகை, போனில் சொல்வது எதுவும் தேதியைப் பிடித்து வைக்காது. அப்படியானால் நேரில் பார்த்துப் பிடித்தவர், வீட்டில் பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்றால் என்ன செய்வார்? அதற்கு ஒரு வழி செய்தோம். ஆடியில் நல்ல காரியத்துக்குப் பணம் கொடுக்கப் பலருக்கு மனம் வராது. ஆடி 18 அன்று கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஆவணி பிறந்ததும் வருவார்கள். ஆகவே ஓப்பன் ஹவுஸை ஆடிப்பெருக்குக்கு முந்தைய ஞாயிறாக வைத்தோம். அன்று பணம் வாங்குவதில்லை, பார்ப்பதற்கு மட்டும். ஆடிப்பெருக்கு அன்று காலை ஆறு மணிக்கு ரிஜிஸ்டர் திறக்கும், வரிசையில் முன்னால் நிற்பவருக்கு முதல் உரிமை. இதனால் அவசரப்படுத்தி வாங்கினார்கள் என்ற பேச்சும் எழவில்லை.

அடுத்தது, வாடகை 85,000 என்று கேட்டுப் போகிற குடும்பம் கடைசியில் எவ்வளவு கொடுக்கிறது என்பது. போன வருடத்துப் பில் ஒன்றை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். வாடகை 85,000, துப்புரவு 5,000, இரண்டும் சேர்த்து 90,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 16,200. ஆக 1,06,200. கரண்ட் மீட்டர்படி, யூனிட்டுக்கு வரி உட்பட 18 ரூபாய். அந்தக் கல்யாணத்தில் 400 யூனிட் ஓடியது, 7,200. கரண்ட் போய் ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் ஓடியது, மணிக்கு 1,500 வீதம் 3,000. மொத்தம் 1,16,400. கேட்டுப் போன தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் 31,400 வித்தியாசம். ஒருவரும் ஏமாற்றவில்லை, ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான். ஆனால் கல்யாணத்தன்று மதியம், கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு இதைக் கேட்கிற பெண்ணின் அப்பாவுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதனால் வாடகையை மட்டும் எழுதாமல், ‘எல்லாம் சேர்த்து சுமார் 1,15,000 ஆகும்’ என்ற வரியையும் போட்டோம்.

கட்டுகிற முறை: தேதிக்கு 25,000. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் மீதி 81,200. அதோடு 15,000 டெபாசிட். கரண்டும் ஜெனரேட்டரும் அந்த டெபாசிட்டில் கழித்துக்கொண்டு மிச்சத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவது. மேலே சொன்ன பில்லில் 4,800 திரும்பியிருக்கும். முன்பு டெபாசிட் 10,000ஆக இருந்தது. அந்தப் பில்லில் மட்டும் 10,200 ஆனதால், கிளம்புகிற நேரத்தில் இருநூறு ரூபாய்க்கு நின்று கேட்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் கூட்டினோம்.

ஆடிட்டர் ஒன்று சொன்னார். மண்டபம் போன்ற சேவைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்குரிய ஜிஎஸ்டியும் வந்துவிடுகிறது. ஆகவே 25,000 என்பது வரி உள்பட என்று ரசீதில் பிரித்துக் காட்ட வேண்டும், அதில் சுமார் 3,814 வரி. கல்யாணம் நின்று பணத்தைத் திருப்பினால் அதற்கும் தனி வவுச்சர். வெள்ளைத் தாளில் எழுதித் தருவது உதவாது.

திருப்பிக் கொடுப்பது பற்றி முதலாளி முதலில் எழுதவே விரும்பவில்லை. நல்ல காரியத்துக்கு வருகிறவர்களிடம் நின்றுபோனால் என்று பேசுவதா என்றார். அவர் தயக்கம் எனக்கும் புரிந்தது. ஆனால் தேதி மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டில் விழுகிற சாவும் தீட்டும்தான். அந்த நேரத்தில் விதி என்னவென்று தேடவிடக் கூடாது. ‘தவிர்க்க முடியாத காரணத்தால்’ என்று மென்மையாக எழுதி, ஒரு முறை தேதி மாற்றம் இலவசம் என்று வைத்தோம். ரத்து என்றால், 90 நாளுக்கு முன்னால் சொன்னால் 20,000 திரும்பும். அதற்குப் பிறகு என்றால் அந்தத் தேதியை வேறு யாராவது எடுத்தால் மட்டும்.

எல்லாம் சேர்ந்து வந்த கேப்ஷன் இது. செல்லில் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும், மற்றதெல்லாம் தட்டினால்தான் விரியும். அதனால் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற இரண்டு விஷயத்தை முதலில் வைத்தேன்: எத்தனை பேர், சைவமா.

“650 விருந்தினர் வரைக்கும் ஏற்ற மண்டபம். சைவ விருந்து மட்டும் (முட்டை சேர்த்த கேக்கும் இல்லை).
ஞாயிறு காலை 9 முதல் மாலை 6 வரை முழு மண்டபமும் திறந்திருக்கும். குடும்பத்தோடு வந்து பாருங்கள்.
படத்தில் இருப்பது ஒரு பந்தி: 180 இலை. ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே விரித்திருப்போம். கல்யாணக் கூடத்தில் 440 நாற்காலி.
கார் 34, டூவீலர் 80. இடம் கோடு போட்டிருக்கிறது. வேன் உள்ளே வரும். பஸ் வராது (ஆர்ச் உயரம் 10 அடி), ரோட்டில் இறங்க வேண்டும்.
உங்கள் சமையல் மாஸ்டரை அழைத்து வரலாம், தனிக் கட்டணம் இல்லை. 500 பேருக்குப் பாத்திரம், 2 கிரைண்டர் உண்டு. 19 கிலோ கமர்ஷியல் கேஸ் நீங்கள் கொண்டுவர வேண்டும். விறகடுப்பு இல்லை. சமையல் ஆட்களுக்கு முதல் நாள் காலை 10 மணிக்குத் திறப்போம்.
வாடகை 85,000 (முதல் நாள் மாலை 3 முதல் மறுநாள் மாலை 3 வரை). துப்புரவு, ஜிஎஸ்டி, கரண்ட், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து சுமார் 1,15,000 ஆகும்.
அட்வான்ஸ் 25,000, வரி உட்பட. முழுத் தொகை கட்டி ரசீது வாங்கினால்தான் தேதி உறுதி. ஞாயிறு அன்று பணம் வாங்குவதில்லை. ஆடிப்பெருக்கு காலை 6 மணி முதல் பதிவு.
தவிர்க்க முடியாத காரணத்தால் தேதி மாற்ற வேண்டுமானால் ஒரு முறை கட்டணம் இல்லை. 90 நாள் முன்பு ரத்து செய்தால் 20,000 திரும்பத் தரப்படும்.”

போன் குறைந்தது. அது முதலாளியை இரண்டு நாள் கலங்க வைத்தது. ஆனால் வந்த போன்கள் வேறு மாதிரி இருந்தன. எவ்வளவு, எங்கே என்பதில்லை. ‘தை மாதம் இன்ன தேதி இருக்கிறதா’ என்றுதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் போன வருடத்தைவிடக் குறைவு, நின்ற நேரம் அதிகம். ஒரு குடும்பத்தோடு அவர்களுடைய மாஸ்டரும் வந்திருந்தார். செல்லில் கேப்ஷனை வைத்துக்கொண்டே சமையல் கட்டில் கிரைண்டரை எண்ணினார். ஒரு சிறுவன் பந்தியில் இலையை ஒவ்வொன்றாக எண்ணி, “அப்பா, நூத்தி எழுபத்தொம்பதுதான் இருக்கு!” என்று கத்தினான். ஓர் இலை காற்றில் மேசைக்குக் கீழே விழுந்திருந்தது. மேனேஜர் அண்ணன் எடுத்து விரித்தார்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு அம்மா மகளோடு வந்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, மாடிப்படிக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். “என் மாமியாருக்கு எண்பத்தி நாலு வயசு. பேத்தி கல்யாணத்தை மேல ஏறி வந்து பார்க்கணுமே. லிஃப்ட் எந்தப் பக்கம்?” என்றார்.

லிஃப்ட் இல்லை. இருபத்திரண்டு படி. அன்றைக்குக் காலையிலிருந்து அந்தப் படியில் நானே எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன். டேப்பு பிடித்து அளந்த நாளிலும் ஏறி இறங்கினேன். ஒரு தடவைகூட அதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் இலையை எண்ணவில்லை, காரை எண்ணவில்லை, அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மேனேஜர் அண்ணன், வயதானவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போக இரண்டு ஆள் போடுகிறோம் என்றார். அந்த அம்மா, “அவங்க அதுக்குச் சம்மதிக்க மாட்டாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேயே படியில் உட்கார்ந்து செல்லை எடுத்து, 440 நாற்காலி என்ற வரிக்கு அடுத்து இதைச் சேர்த்தேன்: “கல்யாணக் கூடம் மாடியில், 22 படி. லிஃப்ட் இல்லை. சாப்பாட்டுக் கூடமும் ஒரு ஓய்வறையும் கீழ்த்தளத்தில்.”